நாற்பது பழைய தட்டுகள்

எங்கள் நாற்றுப்பண்ணையில் வேலையை நாங்கள் ஒருநாளும் உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொண்டதில்லை. அதுவாகப் பிரிந்தது. விதைப்பும் தண்ணீரும் எனக்கு, தட்டு கழுவுவது அக்காவுக்கு. அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, என் ஓரகத்தி. என் கணவரின் அண்ணன் மனைவி, என்னைவிட மூன்று வயது மூத்தவள். நான் கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே "ஏய் சின்னவளே" என்று கூப்பிட ஆரம்பித்தாள். பதினேழு வருஷம் அப்படியே கூப்பிட்டாள். அவள் போய் இந்த மாசத்தோடு இரண்டு வருஷம் ஆகிறது.

வீட்டுக்குப் பின்னால் நிழல்வலை போட்ட நீளமான கொட்டகை, அதற்குள் இடுப்புயரக் கம்பி மேசைகள். மேசைமேல் குழித்தட்டுகள். கறுப்பு பிளாஸ்டிக்கில் ஒரு தட்டுக்குத் தொண்ணூற்றெட்டுக் குழி. ஒவ்வொரு குழியிலும் தேங்காய் நார்த்தூள் நிரப்பி ஒரு விதை வைப்போம். தக்காளி, கத்தரி, மிளகாய், முட்டைகோஸ், எது கேட்டாலும் நாற்றாக்கிக் கொடுப்போம். வாங்கிப்போனவர்கள் நாற்றைப் பிடுங்கி நட்டுவிட்டுக் காலித்தட்டைத் திருப்பித் தருவார்கள். அந்தத் தட்டுகள்தான் அக்காவின் கைக்குப் போகும்.

அவள் தட்டு கழுவுவதைப் பார்த்தால் யாரும் சிரிப்பார்கள். என் கணவர் சிரித்தார். "அண்ணி, குழந்தையைக் குளிப்பாட்டக்கூட இவ்வளவு நேரம் ஆகாது."

"குழந்தைக்குத் தொண்ணூத்தெட்டுக் காது இருந்தா ஆகும்" என்றாள் அக்கா.

முதலில் வெறும் தண்ணீரில் ஊறவைப்பாள். பிறகு சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும். அதற்கப்புறம்தான் அவளுடைய முக்கியமான வேலை. வலதுகை ஆள்காட்டி விரலை ஒவ்வொரு குழிக்குள்ளும் விட்டு, சுவரோரமாக ஒரு சுற்று, அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டையைச் சுற்றி இன்னொரு சுற்று. வழவழவென்று இருந்தால் தட்டு தேறிவிட்டது என்று அர்த்தம். கொஞ்சம் சொரசொரத்தால் வேர்த் துணுக்கு ஒட்டியிருக்கிறது, மறுபடி பிரஷ். தேறிய தட்டு மட்டும் ப்ளீச்சுக்குப் போகும். ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், அரை மணி நேரம். அதை அலசி, தரையில் படாமல் கம்பியில் சாய்த்துக் காயவைப்பாள்.

இத்தனையும் எதற்கு என்று தெரியாமல் செய்யவில்லை. நாற்றழுகல் எங்களைத் தொழில் தொடங்கிய முதல் வருஷமே ஒரு கை பார்த்திருந்தது. முளைத்த நாற்று முந்தின நாள் சாயங்காலம் நன்றாக நிற்கும், மறுநாள் காலையில் கழுத்து மெலிந்து படுத்துக்கிடக்கும். அதற்குக் காரணமான பூசணங்களை அக்கா ஒரு பயிற்சி வகுப்பில் நுண்ணோக்கி வழியாகவே பார்த்துவிட்டு வந்தாள். பித்தியம் என்ற ஒன்று, தண்ணீரில் நீந்துகிற வித்துக்களை விடுகிறது. பூசணக் கூட்டத்தோடு சேர்த்துச் சொன்னாலும் அது பாசிக்குத்தான் நெருங்கிய உறவு என்று வகுப்பெடுத்தவர் சொன்னாராம். அதற்கு அக்கா வைத்த பெயர் நீச்சல்காரன். இன்னொன்று ரைசோக்டோனியா, மண்ணுக்குள் பழுப்பு நூல் நூலாகப் படர்ந்து தண்டைக் கவ்வும். அது நூல்காரி. "ரெண்டு பேருக்கும் தனி வீடு கிடையாதுடி. நாம விட்டுவெக்கிற செத்த வேர்தான் வீடு. காஞ்சு கிடந்தாலும் உள்ள தூங்கிட்டே இருப்பாங்க. ஈரம் பட்டா எழுந்துருவாங்க." வகுப்பிலிருந்து வந்த அன்றைக்கு அவள் சொன்னதில் எனக்கு நினைவிருப்பது இவ்வளவுதான்.

அக்காவுக்கு நோய் வந்த கதையை நான் எழுதப்போவதில்லை. வயிற்றில் ஆரம்பித்தது, கண்டுபிடித்தபோது தாமதமாகிவிட்டது. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏற்றினார்கள். மாமா, அதாவது அவள் கணவர், அவளைக் கூட்டிப்போய்க் கூட்டிவருவார். நான்காவது தடவைக்கு முன்னால் டாக்டர் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார். இது குணமாக்குகிற வைத்தியம் இல்லை, நாளைத் தள்ளிக்கொடுக்கிற வைத்தியம் என்றார். வாசலில் இறங்கியதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். என்னைப் படுக்கவெச்சுப் பழம் உரிச்சு ஊட்டாதீங்க. எத்தனை நாளோ, அத்தனை நாளும் தட்டு என்கிட்டயே இருக்கட்டும். அதை மட்டும் என்கிட்ட இருந்து வாங்கிடாத."

"யாரு வாங்கறா? எனக்கு வேற வேலை இல்லையா?" என்றேன்.

டாக்டர் கையுறை போடச் சொல்லியிருந்தார். தேய்க்கும்போது போட்டுக்கொள்வாள். குழிக்குள் விரல் விட்டுப் பார்க்கும்போது மட்டும் வலது கையுறையைக் கழற்றிவிடுவாள். நாற்காலி போட்டுத் தொட்டியருகே உட்கார்ந்து, ஒரு நாளைக்குப் பத்துத் தட்டு. முன்பு ஐம்பது கழுவுவாள். பத்து போதும் என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம்.

ஒரு காலையில் அவள் வேலைச் சட்டையின் பொத்தானைப் போட முடியாமல் நிற்பதைப் பார்த்தேன். பொத்தானையே குனிந்து பார்த்துக்கொண்டு, விரலால் அதைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் போய்ப் போட்டுவிட்டேன்.

"மரத்துப்போகுதா?"

"மருந்து அப்படித்தானாம். நுனி மட்டும்தான். நீ வேலையைப் பாரு."

நுனி மட்டும் என்றாள். அந்த நுனியில்தான் எங்கள் பண்ணை நின்றுகொண்டிருந்தது. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அந்த மாசம் குடமிளகாய்க்காரர் வந்தார். கண்ணாடி வீடு மாதிரி ஒரு பெரிய பிளாஸ்டிக் கூடாரம் போட்டு, குடமிளகாய் தவிர வேறெதுவும் பயிரிடாத மனிதர். அதனால் அந்தப் பெயர். விதையை அவரே கொண்டுவந்து கொடுத்தார். ஐயாயிரம் நாற்று வேண்டும், நாற்பது நாளில். அறுபது தட்டு விதைத்தேன். இருபது புதுத் தட்டு, நாற்பது அக்கா கழுவிய பழைய தட்டு. ஒரே குவியல் நார்த்தூள், ஒரே தண்ணீர், ஒரே நாள், ஒரே கை. எட்டாம் நாள் முளை தெரிந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை கொட்டகைக்குள் போனபோது அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஐந்தாவது தடவை மருந்து, மூன்று நாள் தங்கச் சொல்லியிருந்தார்கள். முதல் மேசையைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். நாற்றுகள் யாரோ உள்ளங்கையால் அழுத்தியது மாதிரிப் படுத்துக்கிடந்தன. இலை இன்னும் பச்சையாகத்தான் இருந்தது. மண்ணைத் தொடுகிற இடத்தில் மட்டும் தண்டு கண்ணாடிபோல் நீர்கோத்து நூலாகியிருந்தது. ஒன்றை இழுத்தேன். வேரின் தோல் வழுக்கிக் கழன்று, நடு நரம்பு மட்டும் கையோடு வந்தது. நீச்சல்காரன். முளைக்காத குழிகளைக் குச்சியால் கிளறினேன். விதை கூழாக இருந்தது.

அடுத்த மேசை, அதற்கடுத்தது. நாற்பது தட்டிலும் பாதிக்குமேல் விழுந்திருந்தது.

கடைசி மேசையில் இருபது புதுத் தட்டும் அப்படியே நின்றன. ஓரத்தில் நாலைந்து போனதைத் தவிர, ஆயிரத்துத் தொள்ளாயிரம் நாற்று தலை நிமிர்ந்து நின்றது.

எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. நார்த்தூளில் கோளாறு என்றால் எல்லாத் தட்டிலும் விழுந்திருக்க வேண்டும். தண்ணீரிலிருந்து வந்தாலும் அப்படித்தான். ஒரு பழைய தட்டைக் கவிழ்த்துக் கொட்டி, அலசி, குழிக்குள் விரல் விட்டேன். மூலையில் மெல்லிய சொரசொரப்பு. போன பயிரின் வேர்.

அங்கேயே ஒரு கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன். அக்கா நாளை மறுநாள் வருவாள். வந்ததும் நேரே இங்கேதான் வருவாள். விழுந்த நாற்பதையும் நிற்கிற இருபதையும் பார்த்தால், நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கே தெரிந்துவிடும். தெரிந்த பிறகு அவள் தட்டைத் தொட மாட்டாள். அப்புறம் என்ன இருக்கிறது அவளுக்கு, கட்டிலும் மாத்திரையும்தானே.

நான் செய்ததை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. விழுந்த நாற்பது தட்டைக் கொட்டினேன். பிறகு கடைசி மேசைக்குப் போனேன். நின்றுகொண்டிருந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்தையும் என் கையாலேயே கொட்டினேன். வேலிக்கு அப்பால் குழி தோண்டி எல்லாவற்றையும் ஒன்றாகப் புதைத்தேன். புது நாற்றைத் தட்டிலிருந்து உதறும்போது வேர் வெள்ளையாக இருந்தது. பார்க்காமல் உதறினேன்.

குடமிளகாய்க்காரருக்குப் போன் செய்து எல்லாம் அழுகிவிட்டது என்றேன். "விதை இன்னொரு தடவை வாங்கித் தரேன். மூணாவது தடவை என்னால முடியாது" என்றார்.

அக்கா வந்தாள். மாமா கையைப் பிடித்திருக்க, காலி மேசைகளுக்கு நடுவே நின்றாள்.

"அத்தனையுமா?"

"அத்தனையும்."

"புதுத் தட்டுல?"

"அதுலயும்தான். நார்த்தூள் மூட்டை, அக்கா. கிழிஞ்சு தரையில கிடந்துச்சு. நான்தான் கவனிக்கல."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "தரையில போடாதன்னு உனக்கு எத்தனை தடவை சொல்றது. பதினேழு வருஷமா சொல்றேன். எருமைகிட்ட சொல்லியிருந்தா இந்நேரம் அதுவே மூட்டையைத் தூக்கி வெச்சிருக்கும்" என்றாள். திட்டு வாங்க எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

ஒரு கோளாறும் இல்லாத நார்த்தூள் பதினோரு மூட்டையைத் தூரத் தோட்டத்துக்கு அனுப்பச் சொன்னாள். அனுப்பினோம். புது மூட்டை இறக்கினோம். கலக்குகிற தார்ப்பாயைக் கழுவினோம். தண்ணீர்க் குழாயின் முனை தரையில் கிடக்காமல் இருக்க ஆணி அடித்து மாட்டினாள், அவளே. "இனி நார்த்தூள் உன் பொறுப்பு. தட்டு நான் பாத்துக்கறேன்" என்றாள். மறுநாளிலிருந்து தொட்டியருகே உட்கார்ந்துவிட்டாள். ஆறு நாளில் அறுபது தட்டு. சாயங்காலம் சோற்றுக் கரண்டி கையிலிருந்து நழுவியது. ஆனாலும் அந்த ஆறு நாளும் அவள் நன்றாகச் சாப்பிட்டாள்.

நான் சும்மா இருக்கவில்லை. மத்தியானம் அவள் தூங்கும்போது, அவள் கழுவிக் காயவைத்த தட்டுகளை எடுத்துப்போய் மறுபடி ப்ளீச்சில் போட்டேன். ஒன்றுக்கு ஒன்பது இல்லை, ஒன்றுக்கு நாலு. மறுபடி தேய்த்தால் பிரஷ் சத்தம் கேட்கும், அவள் விழித்துக்கொள்வாள். அதனால் தேய்க்கவில்லை. ப்ளீச்சைக் கூட்டினால் போதும் என்று நினைத்தேன். அலசி, காயவைத்து, அவள் எழுவதற்குள் அவள் அடுக்கியிருந்த மாதிரியே அடுக்கிவைத்தேன். சுத்த மடத்தனம். இத்தனை வருஷம் அவள் பக்கத்தில் வேலை செய்தும் அவள் வேலையை நான் பார்க்கவே இல்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

இரண்டாம் விதைப்பு முளைத்தது. பதின்மூன்றாம் நாள் நான் கொட்டகைக்குப் போவதற்குள் அக்கா அங்கே இருந்தாள். இருவரில் யார் முதலில் எழுவது என்று எங்களுக்குள் எப்போதும் போட்டிதான். அன்றைக்கு அவள் ஜெயித்துவிட்டாள்.

தொட்டியருகே தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு தட்டு. காலடியில் ப்ளீச் கேன்.

"வா" என்றாள். குரலில் ஒன்றுமே இல்லை. "கடைசி மேசையைப் பாத்துட்டு வா."

நான் போகவில்லை. எனக்குத் தெரியும்.

"இருபது தட்டு நிக்குது. எல்லாம் போன தடவை புதுசா வாங்குனது, பழைய வேர் ஏறாதது. நாப்பது தட்டு விழுந்துருக்கு. எல்லாம் பழசு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நார்த்தூள் புதுசு. தண்ணி காலையில மட்டும்தான் ஊத்துற, நானே பாத்தேன். அப்புறம் இந்தக் கேன். ஒரு மாசம் வரணும், பதினைஞ்சு நாள்ல காலி. யாரு குடிச்சா?"

"அக்கா."

"நான் தூங்கும்போது நீ முக்கியிருக்க."

தலையசைத்தேன்.

"தேய்ச்சியா?"

"இல்ல. சத்தம் கேக்கும்னு."

"அழுக்கு மேல ப்ளீச்சை ஊத்துனா அழுக்கைத் தின்னே அதோட பலம் தீந்துரும்டி. வேருக்குள்ள தூங்கறவனை அது தொடவே தொடாது. கேன் கேனா ஊத்தினாலும்."

கத்தரிக்கோலை என்னிடம் நீட்டினாள். அவளால் அதை அழுத்திப் பிடிக்க முடியவில்லை. மடியிலிருந்த தட்டு விதைப்புக்குப் பிறகு அவள் கழுவி, தேறிவிட்டது என்று எடுத்துவைத்த தட்டு. ஒரு குழியை வெட்டிப் பிரிக்கச் சொன்னாள். வெட்டி, பூ மாதிரி விரித்து, வெளிச்சத்தில் வைத்தேன். நாலு மூலையிலும் பழுப்பாக, தலைமுடியைவிட மெல்லிசாக, வேர்.

அக்கா அதன்மேல் தன் விரலை வைத்தாள். இப்படியும் அப்படியும் தேய்த்தாள். கண்ணால் வேரைப் பார்த்துக்கொண்டே தேய்த்தாள்.

"எனக்கு வழவழன்னுதான் இருக்கு" என்றாள்.

கொட்டகைக்கு வெளியே ஏதோ வண்டி போனது. அவள் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

"போன தடவையும் புதுத் தட்டு நின்னிருக்கணுமே" என்றாள் மெதுவாக. "அந்த இருபது எங்கடி?"

சொன்னேன். குழி தோண்டியது, உதறியது, வேர் வெள்ளையாக இருந்தது, எல்லாம்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன், அல்லது திட்டுவாள் என்று. அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு வீடுவரை நடந்து, படுத்துக்கொண்டாள். மாமா கஞ்சி கொண்டுபோனபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நான் சமையலறையில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தேன். என் கணவர் எட்டிப்பார்த்து, "ரெண்டு பேருக்கும் சண்டையா? யாரு பக்கம் பேசணும்னு சொன்னா வசதியா இருக்கும்" என்றார். "அவ பக்கம்" என்றேன்.

மறுநாள் காலை அவளே கூப்பிட்டாள்.

"சின்னவளே, போனைக் குடு."

குடமிளகாய்க்காரரிடம் அவளே பேசினாள். ஒலிபெருக்கியில் போடச் சொன்னாள், எனக்கும் கேட்க வேண்டும் என்று.

"மறுபடியும் போச்சு. நாப்பது தட்டு. இருபதுதான் நிக்குது. தட்டு சரியாக் கழுவல. கழுவுனது நான். என் விரல்ல உணர்ச்சி இல்ல, அது தெரியாம பாஸ் பண்ணிட்டேன். இன்னொண்ணு. போன தடவை உங்க நாத்து ஆயிரத்துத் தொள்ளாயிரம் நல்லாத்தான் நின்னுச்சு. அதையும் சேத்துக் கொட்டிட்டோம். அதுக்கு என்ன காரணம்னு கேக்காதீங்க, ஆனா கொட்டினது நாங்க."

அவர், "இப்ப நிக்கிற இருபது தட்டு?"

"அது உங்களுக்கு வந்துரும். மிச்சத்துக்கு இன்னொரு தடவை விதைக்கறோம். விதை எங்க செலவு. வேண்டாம்னாலும் சரி."

"எத்தனை நாள் ஆகும்?"

"நாப்பது."

"நீங்க இருப்பீங்கள்ல?" பண்ணையில் இருப்பீர்களா என்றுதான் கேட்டார். கேட்ட பிறகுதான் அது வேறு மாதிரியும் அர்த்தமாகிவிட்டது அவருக்கே தெரிந்து, தொண்டையைச் செருமினார்.

"நாத்து இருக்கும்" என்றாள் அக்கா.

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "என்னைப் பாவம்னு நினைச்சுட்ட, இல்ல?"

"நீ தட்டை விட்டுருவன்னு பயந்தேன்."

"விட்டிருப்பேனோ என்னவோ. அதை நான்ல முடிவு பண்ணணும்." சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டாள். "உசுரோட நின்னதை எனக்காகப் பிடுங்கிப் போட்டிருக்க. இதைத் தெரிஞ்சுட்டு நான் எப்படிடி தூங்கறது? மரத்துப்போன விரலை வெச்சுட்டுத் தூங்கிருவேன். இது முடியல."

அப்போதுதான் நான் அழுதேன். அவள் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, "போதும், மூக்கைச் சிந்திட்டுக் கையைக் கழுவு. கழுவாம நார்த்தூளைத் தொட்டா தெரியும் சேதி" என்றாள்.

மூன்றாவது தடவை நான் கழுவினேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முதல் தட்டைத் தேய்த்து முடித்ததும் அவளிடம் நீட்டினேன். பழக்கத்தில் விரலை நீட்டினாள், பிறகு மடக்கிக்கொண்டாள்.

"உன் விரலைக் குடு."

என் ஆள்காட்டி விரலைத் தன் உள்ளங்கையில் பிடித்து, பென்சில் மாதிரி, குழிக்குள் விட்டாள். சுவரோரம் ஒரு சுற்று. மெதுவாக.

"எப்படி இருக்கு?"

"வழவழன்னு இருக்கு."

"எல்லா இடத்துலயுமா? பொய் சொல்லாத. உன்கிட்ட எனக்கு இப்ப சந்தேகம் அதிகம்."

"இந்த மூலையில கொஞ்சம்."

"கொஞ்சம்னா எப்படி? மணல் மாதிரியா, நூல் மாதிரியா?"

"நூல் மாதிரி."

"வேர். மணலா இருந்தா அலசினா போயிரும். இதுக்குப் பிரஷ்."

அப்படித்தான் நாற்பது தட்டும் பார்த்தோம். ஒரு குழிக்கு இரண்டு சுற்று. இரண்டாம் நாளே என் விரல் தனியாகப் போகக் கற்றுக்கொண்டுவிட்டது, ஆனால் அவள் என் மணிக்கட்டை விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை. ஒருநாள் என் கணவர் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரு சேந்து ஒரு விரலை ஓட்டறீங்களா? டிரைவர் யாரு, கண்டக்டர் யாரு?" என்றார். "நீங்க டிக்கெட் எடுத்துட்டுத் தள்ளி நில்லுங்க" என்றாள் அக்கா.

ப்ளீச் தண்ணீரை ஒவ்வொரு பத்துத் தட்டுக்கும் புதிதாகக் கலக்கவைத்தாள். கலங்கிப்போன தண்ணீரில் வேலை நடக்காது. அரை மணிக்குக் கடிகாரத்தை அவள்தான் பார்த்தாள். இருபத்தைந்தாவது நிமிஷத்தில் நான் எடுக்கப் போனால் கையைத் தட்டிவிடுவாள். விதைத்தபின் தண்ணீர் விடும்போதும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மேல் நார்த்தூள் நிறம் வெளுக்கும்வரை மறுபடி விடக்கூடாது. நீச்சல்காரனுக்கு நீந்த இடம் கொடுக்கக்கூடாது.

எட்டாம் நாள் முளை. பன்னிரண்டாம் நாள் அவள் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. நான் கொட்டகைக்குள் போகக் கதவைத் திறந்து, உள்ளே பார்க்காமல் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு போனேன். ஒவ்வொரு மேசையாக நடந்தேன். திரும்பி வந்து அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சொல்லு."

"நிக்குது."

"அத்தனையுமா?"

"ஒரு தட்டுல ஓரமா ஆறு விழுந்துருக்கு. அந்தத் தட்டைத் தனியா எடுத்து வெச்சுட்டேன். மிச்சம் நிக்குது."

"ஆறா?" என்றாள். எண்ணிக்கை சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு என் கையைத் தடவினாள்.

இரண்டாவது விதைப்பில் நின்ற இருபது தட்டை முதலில் வந்து எடுத்துப்போனார் குடமிளகாய்க்காரர். மிச்சம் நாற்பதாம் நாள் போனது. ஏற்றி முடித்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு அக்காவின் அறைவரை வந்தார். "கழுத்து நல்ல தடிமனா இருக்குங்க" என்றார். அக்கா, "தண்ணி நிறைய விடாதீங்க, அங்க போயி கெடுத்துராதீங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் கொட்டகைக்கு வரவில்லை. காலித்தட்டுகள் திரும்பி வந்தன. நான் தேய்த்து, பத்துப் பத்தாக அவள் அறைக்குத் தூக்கிப்போவேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து விரலை விடுவேன், அவள் கேள்வி கேட்பாள். நூலா, மணலா. மேலயா, ஓட்டைக்கிட்டயா. கேள்விகள் நாளுக்கு நாள் குறைந்தன. ஒரு சாயங்காலம் ஒன்றுமே கேட்காமல், கண்ணைத் திறக்காமல், "சரியா இருக்கு, எடுத்துட்டுப் போ" என்றாள்.

தொட்டியருகே கொண்டுபோய் மறுபடி பார்த்தேன். ஏழாவது தட்டில், ஓட்டைக்குப் பக்கத்தில், நூல் மாதிரி ஒன்று இருந்தது. பிரஷ்ஷை எடுத்தேன். தேய்த்து, அலசி, ப்ளீச்சில் போட்டு, அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். சொல்லாமல் விட்டால் அவளுக்குத் தெரியப்போவதில்லை. எடுத்து அலசிக் கம்பியில் சாய்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனேன்.

"அக்கா, நீ சரின்னு சொன்னதுல ஒரு தட்டுல வேர் இருந்துச்சு."

கண் திறந்தாள்.

"எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்."

"எடுத்ததுக்கு அப்புறம்தானே ப்ளீச்?"

"அப்புறம்தான்."

"ம்." கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். "இனிமே இங்க தூக்கிட்டு வராத, சின்னவளே. நீயே பாத்துக்க. கொண்டுவந்து கொண்டுவந்து அறையெல்லாம் ஈரம் பண்ணிட்ட."

ஒரு துணி எடுத்துவந்து தரையைத் துடைத்தேன். அவள் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கட்டிலுக்கு அடியிலயும்" என்றாள்.